நடுவில் நின்ற மாத்திரை

அந்த மருத்துவமனையில் அவருக்குப் பெயர் சமரசம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளம் போடுகிற கணினிக்கு மட்டும்தான் தெரியும். துப்புரவு செய்கிற அம்மாவிலிருந்து அறுவை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் "சமரசம் சார்". மருந்தகத்துக்குத் தலைமை மருந்தாளுநர். எந்தச் சண்டையானாலும் நடுவில் போய் நின்று பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டி இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படிப்பட்ட மனிதரை நல்லவர் என்று சொல்வதா, இல்லை முதுகில் இரண்டு வைப்பதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் வீட்டுக் கூடத்தைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். மனைவி மஞ்சள் சுவர் கேட்டாள். அவளுடைய அப்பா, அதாவது சமரசத்தின் மாமனார், நீலம் கேட்டார். சமரசம் என்ன செய்தார்? இடுப்பளவுக்கு நீலம், அதற்கு மேலே மஞ்சள் அடித்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இது என்ன, பள்ளிக்கூடமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். மாமனாருக்குக் காற்று வேண்டும், ஜன்னலைத் திற என்பார். மனைவிக்குத் தூசி ஆகாது, மூடு என்பாள். அதனால் அந்த ஜன்னல் வருடக்கணக்காகப் பாதி திறந்தே நின்றது. காற்றும் வரவில்லை, தூசியும் நிற்கவில்லை. மழை மட்டும் முழுசாக உள்ளே வந்தது.

மாமனார் வேறு ரகம். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று ஆயுள் முழுக்கக் கத்திய தொண்டை. மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு கத்துவதற்கு வேறு ஆள் இல்லை, மருமகன்தான்.

"மாப்பிள்ளை, ஏதாவது ஒரு பக்கம் திரும்புங்க! நடு ரோட்டுல நின்னா ரெண்டு பக்கத்து லாரியும் அடிக்கும்!"

"சரி மாமா, நீங்க சொல்றதும் சரிதான்," என்பார் சமரசம்.

"சொல்றதும்னா? அது என்ன 'ம்'? சரின்னா சரி, தப்புன்னா தப்பு!"

பழைய மாரடைப்பு ஒன்று கிழவருக்கு உண்டு. அதற்காக மெட்டோப்ரோலால் என்ற மாத்திரை. அது இதயத்தின் வேகத்துக்குக் கடிவாளம் போடுவது. கூடவே ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபைன். இரண்டையும் விழுங்கிவிட்டு, தெருவைக் கோடியிலிருந்து கோடிவரை விறுவிறுவென்று நடந்து, திரும்பி வந்து சண்டை போடுவார். இரண்டு மருந்தும் பல வருடமாக ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் வீடு நன்றாக இருக்கும் என்பதற்கு அந்த வீட்டில் அவை மட்டும்தான் உதாரணம்.

இப்படி இருக்கும்போதுதான் மருத்துவமனைக்குப் புது நிர்வாகி வந்தார். வந்தவர் முதல் காரியமாக "மக்கள் குறை சொல்ல ஓர் இடம் வேண்டாமா?" என்று கேட்டு, மருந்துக் கிடங்கில் பாதியைத் தடுத்துக் குறைகேட்பு அறை ஆக்கினார். இடம் பாதியானதால் மருந்து பாதியானது. மருந்து இல்லாததால் மக்கள் குறை சொன்னார்கள். அறை நிரம்பி வழிந்தது. "பார்த்தீங்களா, எவ்வளவு தேவையான அறை!" என்று நிர்வாகி பெருமைப்பட்டுக்கொண்டார். அட, தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர மனிதன் வேறென்ன செய்வான்?

அடுத்து ஒரு விதி போட்டார். ஒரு மருந்துக் குடும்பத்துக்கு அலமாரியில் ஒரே ஒரு இடம். ஒரு குடும்பத்தில் எத்தனை மருந்து இருந்தாலும் ஒன்று மட்டும் தங்கலாம், மற்றவை வெளியேற வேண்டும். மருத்துவர் வெளியேறிய மருந்தை எழுதினாலும், கணினியே அதைத் தங்கிய மருந்தாக மாற்றிக் கொடுத்துவிடும்.

ஒவ்வொரு குடும்பமாக முடித்து, மருந்துக் குழுக் கூட்டம் ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற கால்சியம் தடுப்பான்களுக்கு வந்தது. அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தக் குடும்பத்தில் மூன்று பேர்: அம்லோடிபைன், வெராபமில், டில்டியாசெம்.

பொது மருத்துவப் பிரிவின் டாக்டரம்மா மேசையைத் தட்டினார். "அம்லோடிபைன் இல்லாம என் வார்டே இல்ல. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. அது ரத்தக்குழாயைத்தான் தளர்த்தும், இதயத் துடிப்பு பக்கமே தலைவச்சுப் படுக்காது. அதை எடுத்துட்டு நான் என்ன, தண்ணி குடுக்கவா?"

இதய டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "உங்களுக்கு ரத்தக்குழாய், எனக்கு இதயம்! திடீர்னு நிமிஷத்துக்கு நூத்தி எண்பது துடிக்கிற ஆளு வந்தா உங்க அம்லோடிபைனை வச்சு நான் என்ன பண்றது, பொட்டு வைக்கவா? வெராபமில்தான் உள்ள போய் அந்த வேகத்தை அடக்கும். அது இருக்கணும்."

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே?" என்றார் நிர்வாகி.

"ஒரே குடும்பம்னா? என் தம்பியும் நானும்கூட ஒரே குடும்பம்தான். அவனை வந்து ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க பார்ப்போம்!" என்றார் இதய டாக்டர். அவருடைய தம்பி தையற்காரர்.

டாக்டரம்மா சும்மா இருப்பாரா? "அவராவது ஒழுங்காத் தைப்பார்," என்றார்.

அவ்வளவுதான். கோப்பைகள் ஆடின. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சமரசத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தானே சமரசம் பிறந்தது! தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அம்லோடிபைன் ரத்தக்குழாய்க் கட்சி. வெராபமில் இதயக் கட்சி. டில்டியாசெம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும், இதயத்தையும் கொஞ்சம் நிதானப்படுத்தும். ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா..."

அறை அமைதியானது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார், ஆனால் மறுக்கவில்லை. இதய டாக்டர் உட்கார்ந்தார். நிர்வாகி கைதட்டினார். தான் விரும்பியது கிடைக்கவில்லை என்றாலும் எதிராளிக்கும் கிடைக்கவில்லை என்பதில் இருவருக்கும் ஒரு திருப்தி. சமரசம் என்பது பெரும்பாலும் அந்தத் திருப்திதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உட்காரும்போது சமரசத்தின் வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது. 'மெட்டோப்ரோலால் மாதிரி கடிவாள மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த மாற்றம் கூடாது' என்ற வாக்கியம். அது தெரியாத ஆளா அவர்? ஏற்கெனவே கடிவாளம் போட்ட குதிரையின் மேல் டில்டியாசெமும் ஏறி உட்கார்ந்தால் குதிரை நின்றுவிடும். ஆனால் அதைச் சொன்னால் டாக்டரம்மா "பார்த்தீங்களா!" என்பார், இதய டாக்டர் மறுபடி எழுவார், தையற்காரத் தம்பி மறுபடி வருவான். மருந்து எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டு வாக்கியத்தைத் தேநீரோடு விழுங்கிவிட்டார்.

முதல் சில நாள் பாராட்டு மழை. அம்லோடிபைனால் கணுக்கால் வீங்கியிருந்த ஒரு பாட்டியம்மாவுக்கு வீக்கம் வடிந்து பழைய செருப்பு காலில் ஏறியது. அந்தம்மா செருப்போடு குறைகேட்பு அறைக்கே போய் நன்றி சொன்னார். அந்த அறையில் நன்றி சொன்ன முதல் ஆள் என்பதால், அதை எப்படிப் பதிவது என்று தெரியாமல் அதையும் குறை என்றே பதிந்துகொண்டார்கள்.

மனைவிதான் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய் அப்பாவின் மருந்தை வாங்கி வருவாள். அந்த மாதமும் வாங்கி வந்தாள். "ஏங்க, அப்பா மாத்திரை வேற நிறத்துல இருக்கே?" என்று கேட்டாள்.

சமரசம் பையைப் பார்த்தார். மெட்டோப்ரோலாலும் டில்டியாசெமும் ஒரே பைக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு படுத்திருந்தன. நாளைக்கு டாக்டரம்மாவிடம் சொல்லி மாற்ற வேண்டும் என்று நினைத்தார். "அதே குடும்பம்தாம்மா," என்றார் மனைவியிடம்.

மறுநாள் டாக்டரம்மாவும் இதய டாக்டரும் நடைபாதையில் சிரித்துப் பேசிக்கொண்டு போனதைப் பார்த்தார். பத்து வருடத்தில் காணாத காட்சி. இதைப் போய்க் கெடுப்பதா என்று அன்றும் விட்டார். அதற்கடுத்த நாள் வீட்டில் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது.

மாமனார் சாந்தமாகிவிட்டார்.

காலையில் நடக்கப் போனவர் தெருமுனையோடு திரும்பி வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாதி திறந்த ஜன்னலையே பார்த்தார். "பாதி இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு," என்றார். மகளுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. மருமகன் வேலைக்குக் கிளம்பும்போது, "பார்த்துப் போய்ட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார். அந்த வாயிலிருந்து 'பிரேக்' வரவில்லை!

"அப்பாவுக்குப் பக்குவம் வந்துடுச்சுங்க," என்று மனைவி கண்கலங்கினாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "என்ன தியானம் பண்றீங்க?" என்று ரகசியமாகக் கேட்டார். மாமனார் யோசித்து, யோசித்து, பதில் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மருந்து படித்த மனிதர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தாரே, அவர் அந்த மணிக்கட்டை ஒரு தடவை பிடித்துப் பார்த்திருக்கலாம் இல்லையா? பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மாமனார் அவரைத் திட்டாமல் இருந்தார். அந்த அமைதியைத் தொட்டுப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பாவி மனுஷன், அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் மாமனார் மாடிப்படியில் பாதி ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, மேல வர்றீங்களா, கீழ போறீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"எதுவா... இருந்தாலும்... சரிம்மா," என்றார் கிழவர். உதடு வெளுத்திருந்தது.

எதுவாக இருந்தாலும் சரி! அந்த வார்த்தை அந்த வீட்டில் சமரசம் மட்டுமே சொல்லக் கூடியது. அதைக் கேட்டதும்தான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியிலிருந்து நாலு நாலு படியாகத் தாவி இறங்கி மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு துடிப்பு வந்தது. காத்திருந்தார். அடுத்தது வருமா வராதா என்று நினைக்கும்போது ஒன்று வந்தது. பக்குவமும் இல்லை, தியானமும் இல்லை. கிழவரின் இதயம் நிமிடத்துக்கு முப்பத்தாறு அடித்துக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் இதய டாக்டரே வந்து இதயத் துடிப்பு வரைபடத்தைப் பார்த்தார். இதயத்தின் மேல் அறை கீழ் அறைக்கு அனுப்புகிற துடிப்புச் சேதியில் ஒன்று கீழே போகிறது, ஒன்று வழியிலேயே நின்றுவிடுகிறது. "மெட்டோப்ரோலாலோட டில்டியாசெமா? யாருய்யா இதைச் சேர்த்துக் குடுத்தது?" என்று சத்தம் போட்டவர், சமரசத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குடுத்தது குழு, குழுவில் இதய டாக்டரும் இருந்தாரே! இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். துடிப்பைத் தூண்ட அட்ரோபின் ஊசி போட்டார்கள், நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தால் துடிக்க வைக்கிற கருவியைத் தயாராகப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, இது எப்படி ஆச்சு? யாரு தப்பு?"

வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. "தப்புன்னு பார்த்தா, விதி போட்ட நிர்வாகி மேல பாதி... மாத்திக் குடுத்த கம்ப்யூட்டர் மேல கொஞ்சம்... டாக்டரும் கவனிச்சிருக்கலாம்..."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெஞ்சின் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தபோதுதான், தப்பு என்று வந்துவிட்டால் நடுவில் யாருமே உட்கார முடியாது என்று அவருக்கு உறைத்தது. எழுந்து நேரே மாடிக்குப் போனார்.

மாடியில் மருந்துக் குழு கூடியிருந்தது. அன்றைய விவாதம் இருமல் மருந்து. சமரசம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், உட்காராமல் நின்றார்.

"கால்சியம் தடுப்பான் முடிவை ரத்து பண்ணுங்க. கணினி மாத்திக் குடுக்கறதை இப்பவே நிறுத்துங்க."

"அது முடிஞ்சு போன விஷயமாச்சே," என்றார் நிர்வாகி. "எல்லாரும் சம்மதிச்சாங்களே."

"இதயம் சம்மதிக்கல சார். கால்சியம் உள்ள நுழையற வாசல் ரத்தக்குழாயிலயும் இதயத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆனா ரத்தக்குழாய்த் தசையில அது அதிக நேரம் அசந்து மூடின நிலையில கிடக்கும். அம்லோடிபைன் அப்படிக் கிடக்கிற வாசலைத்தான் தேடிப் பிடிக்கும். அதனால குழாய் தளரும், இதயத் துடிப்பு தப்பிச்சுக்கும். இதயத்துல வாசல் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடுது. வெராபமில் திறக்கிற நேரம் பார்த்து உள்ள பூந்து உட்காரும். எவ்வளவு வேகமாத் துடிக்குதோ அவ்வளவு இறுக்கும். டில்டியாசெம் அதே ஜாதி, கொஞ்சம் மிதம். மிதம்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்ல. கடிவாள மருந்து சாப்பிடறவங்களுக்கு அது ரெண்டாவது கடிவாளம். இதயம் சுருங்கற பலம் குறைஞ்சவங்களுக்கு வெராபமிலும் ஆகாது, டில்டியாசெமும் ஆகாது. குடும்பப் பேரு ஒண்ணு, போற வீடு வேற."

"அப்போ ஒண்ணு பண்ணலாமே," நிர்வாகி முகம் மலர்ந்தார். "வாரத்துல மூணு நாள் அம்லோடிபைன், மூணு நாள் வெராபமில் வைப்போம். ஞாயித்துக்கிழமை டில்டியாசெம். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. நீங்க சொல்ற மாதிரியே ஒரு சமரசம்!"

டாக்டரம்மாவும் இதய டாக்டரின் உதவியாளரும் சமரசத்தைப் பார்த்தார்கள். இப்போது "நீங்க சொல்றதும் சரிதான்" என்று வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"முடியாது," என்றார் சமரசம்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் கூட்டக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த சுருக்கெழுத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மூணும் வேணும். யாருக்கு எதுன்னு டாக்டர் எழுதறதை நான் அப்படியே குடுப்பேன். இடம் இல்லைன்னா குறைகேட்பு அறையைத் திருப்பிக் குடுங்க. அங்க வர்ற குறையே மருந்து இல்லைங்கறதுதான். மருந்தை வச்சுட்டா அறை எதுக்கு? இன்னொரு விஷயம். கடிவாள மருந்தோட இது ஆகாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். நல்லா இருந்த சூழ்நிலையைக் கெடுக்க வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

முதலில் டாக்டரம்மா எழுந்தார். "என் நோயாளிங்கள்ல கடிவாள மருந்து சாப்பிடறவங்களை இப்பவே கூப்பிட்டுப் பார்க்கறேன்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினார். சமரசமும் பின்னாலேயே ஓடினார். அன்று சாயங்காலம் வரை இருவரும் தொலைபேசியை விட்டு எழவில்லை. மேலும் சில பேர் தலைசுற்றல் என்று வீட்டில் படுத்திருந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், தெய்வாதீனமாக யார் உயிரும் போகவில்லை. நிர்வாகி குறைகேட்பு அறையைக் கொடுக்க மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். அன்று மதியம் அங்கே குறை சொல்ல வந்த கூட்டத்தை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு சாவியைக் கொடுத்தனுப்பினார்.

மாமனாரின் உடம்புக்குள் போயிருந்த மருந்து மெல்ல வடிந்தது. சேதிகள் வழியில் நிற்காமல் கீழே போகத் தொடங்கின. இரண்டு நாள் கழித்து, சமரசமும் மனைவியும் வார்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

"இது தலையணையா, செங்கல்லா? யாரு வச்சது இதை? கூப்பிடுங்க அவனை!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கத்தலைவிட இனிமையான சத்தத்தை சமரசம் கேட்டதில்லை.

"என்ன மாப்பிள்ளை, முகம் ஏன் இப்படி இருக்கு?" கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த டாக்டர் ஏதோ மருந்து மாறிப் போச்சுன்னு மென்னு முழுங்கறாரு. யாரு தப்பு இது? பாதி அவரு, பாதி இவருன்னு ஆரம்பிச்சீங்க, இந்தத் தலையணையாலயே அடிப்பேன்."

சமரசம் மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசும் என் தப்பு மாமா. அந்த ரெண்டு மாத்திரையும் சேரக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுல பையைத் திறந்தப்பவும் தெரியும். நீங்க அமைதியா இருந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால நாடியைக்கூடப் பிடிச்சுப் பார்க்கல."

கட்டிலுக்கு மேலே இருந்த இதயத் துடிப்புக் கருவி டிக், டிக் என்று சீராக ஒலித்தது. மாமனார் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் கை தலையணையின் மேல் இருந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல," என்றார் கடைசியில், "இன்னிக்குத்தான் மாப்பிள்ளை ஒரு பக்கம் திரும்பியிருக்கீங்க. அதுவும் உங்களுக்கு எதிரா."

அவர் தலையணையை எடுத்தார். அடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். சமரசம் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது, குனிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். மனைவி வந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள், நடுவில் இடமே விடாமல்.

"சரி சரி, போதும். அழறதையாவது முழுசா அழுதுட்டு எந்திரிங்க," என்றார் மாமனார். "எந்திரிச்சு அந்த வார்டு ஜன்னலைத் திறங்க."

"எவ்வளவு மாமா?" என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. போய், இரண்டு கதவையும் சுவரில் மோதுகிற வரைக்கும் திறந்தார்.